சாயங்காலம் ஆனா நின்னு போற ட்ரிகர்: ஷீட் ஸ்கிரிப்டோட தினசரி லிமிட் தீர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ஒரு சின்ன பயிற்சி குழு, மொத்தமே ஏழெட்டு பேர். வகுப்புல சேர விரும்புறவங்க ஆன்லைன் ஃபார்ம்ல விவரம் போடுவாங்க, அது கூகுள் ஷீட்ல ஒரு வரியா வந்து உக்காரும். குழுவுல ஒருத்தர் அதைப் பார்த்து, இடம் இருந்தா ஸ்டேட்டஸ் நெடுவரிசைல "சரி"ன்னு போடுவார். அப்படி "சரி" ஆன வரிகளுக்கு உறுதி மெயில் அனுப்புறது ஒரு ஆப்ஸ் ஸ்கிரிப்ட், கூடவே இன்னொரு டேப்ல எந்த வகுப்புல எத்தனை இடம் பாக்கின்னு ஒரு சுருக்கத்தையும் புதுப்பிக்கும். 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுற மாதிரி டைம் ட்ரிகர் வெச்சிருந்தாங்க.

ட்ரிகரைப் போட்டது குழுவோட பொது ஜிமெயில் அக்கவுன்ட்ல இருந்து. இலவச அக்கவுன்ட், ஒர்க்ஸ்பேஸ் இல்ல. ஸ்கிரிப்ட் எழுதினவர் அப்புறம் வேற வேலைக்குப் போயிட்டார், ஆனா அது பாட்டுக்கு பல மாசம் ஒழுங்கா ஓடிட்டு இருந்ததால யாரும் எடிட்டரைத் திறந்துகூட பார்க்கல. நடுவுல இன்னொரு பிரிவு ஆரம்பிச்சப்போ அதே ஷீட்டை காப்பி எடுத்தாங்க. காப்பி எடுத்தா ஸ்கிரிப்ட் கூடவே வரும், ட்ரிகர் வராது, அதனால அதே பொது அக்கவுன்ட்ல இருந்து அந்த காப்பிக்கும் 10 நிமிஷ ட்ரிகர் ஒண்ணு புதுசா போட்டாங்க.

## முதல்ல கண்ணுல பட்டது

புகார் வந்தது "மெயில் வரல"ன்னு இல்ல, "லேட்டா வருது"ன்னு. ராத்திரி 7 மணிக்கு "சரி" ஆனவருக்கு மறுநாள் காலைல 7 மணி சுமாருக்கு மெயில் போகுது. பகல்ல "சரி" ஆனவங்களுக்கு அஞ்சு பத்து நிமிஷத்துல போயிடுது. மெயில் எப்படியும் போய்ச் சேர்ந்துடுறதால குழுவுல எல்லாரும் மெயில் சர்வர் தாமதம்னே நினைச்சு விட்டுட்டாங்க.

உண்மையான சேதம் அந்த சுருக்க டேப்ல தான் நடந்தது. சாயங்காலம் ஒரு வகுப்புல 3 இடம் பாக்கின்னு காட்டுது, அதை நம்பி ரெண்டு பேர் தனித்தனியா ஆளுக்கு மூணு பேரை "சரி" பண்ணிட்டாங்க, ஏன்னா எண்ணிக்கை குறையவே இல்ல. அப்போ தான் எங்கிட்ட பார்க்கச் சொன்னாங்க. அந்த டேப்ல "கடைசியா புதுப்பிச்ச நேரம்"னு எதுவும் கிடையாது, அதனால ஆறு மணி நேரம் பழசான எண்ணும் இப்போ வந்த எண்ணும் பார்க்க ஒரே மாதிரி தான் இருக்கும்.

## எங்கெல்லாம் தேடினோம்

முதல் சந்தேகம் மெயில் லிமிட் மேல. இலவச அக்கவுன்ட்ல ஸ்கிரிப்ட் வழியா ஒரு நாளைக்கு 100 பெறுநர் வரைக்கும் தான் அனுப்ப முடியும். ஆனா இங்க நாளைக்கு முப்பது நாப்பது மெயில் தான் போகுது, தவிர மெயில் லிமிட் தாண்டினா வர்ற எரர் வேற, `Service invoked too many times for one day: email`னு வரும். `MailApp.getRemainingDailyQuota()` ஓட்டிப் பார்த்தா பாதிக்கு மேல பாக்கி இருக்குன்னு சொல்லுச்சு. அதனால அது இல்ல.

அடுத்து, நின்னு போயிருந்த நேரத்துலயே எடிட்டர்ல போய் அந்த ஃபங்ஷனை கையால ரன் பண்ணோம். ஜம்முனு ஓடுச்சு, நிலுவைல இருந்த மெயிலும் போயிடுச்சு. இது தான் ஆளைக் குழப்புற இடம். "கோட்ல ஒண்ணும் தப்பில்ல, ட்ரிகர் தான் கெட்டுப் போச்சு"ன்னு முடிவு பண்ணி ட்ரிகரை அழிச்சுட்டு புதுசா போட்டா, அதுவும் ஓடாது, மறுநாள் காலைல தானா ஓட ஆரம்பிச்சிடும், உடனே எல்லாரும் "புதுசா போட்டதுல சரியாயிடுச்சு"ன்னு நம்பிடுவாங்க. குழுவுல ஏற்கனவே ஒருத்தர் இதைச் செஞ்சு "சரி பண்ணியாச்சு"ன்னு சொல்லியும் இருந்தார்.

கையால ஓட்டினா ஓடுது, ட்ரிகர்ல மட்டும் ஓடல, மறுநாள் தானா சரியாகுது. இந்த மூணும் சேர்ந்து வந்தா பார்க்க வேண்டியது ட்ரிகர்களுக்குன்னு தனியா இருக்குற ஒரு நாள் ஓட்ட நேர வரம்பைத் தான். இலவச அக்கவுன்ட்டுக்கு அது ஒரு நாளைக்கு 90 நிமிஷம், ஒர்க்ஸ்பேஸ் அக்கவுன்ட்டுக்கு 6 மணி நேரம். ஒரு தடவை ஓடுறதுக்கு 6 நிமிஷம்னு இருக்குற வரம்பு பல பேருக்குத் தெரியும், ஏன்னா அதைத் தாண்டினா `Exceeded maximum execution time`னு உடனே கண்ணுல படும். இந்த 90 நிமிஷம் எல்லா ஓட்டத்தையும் கூட்டினது, அதனால ஒவ்வொரு ஓட்டமும் சின்னதா அழகா முடிஞ்சிட்டு இருக்கும்போதே இது தீர்ந்து போகும்.

உறுதி கிடைச்சது பொது அக்கவுன்ட்டோட மெயில் பெட்டில. `Summary of failures for Google Apps Script`னு தலைப்பு போட்ட மெயில் வரிசையா கிடந்தது, திறந்தா உள்ள ஒரே வரி திரும்பத் திரும்ப:

```
Service using too much computer time for one day
```

## கணக்கு போட்டுப் பார்த்தது

ஆப்ஸ் ஸ்கிரிப்ட் முகப்புப் பக்கத்துல `My Executions`னு ஒண்ணு இருக்கு. ஒரு ப்ராஜெக்ட்டுக்குள்ள இருக்குற `Executions` அந்த ஸ்கிரிப்டை மட்டும் காட்டும், இது அந்த அக்கவுன்ட்டோட எல்லா ஸ்கிரிப்டையும் ஒண்ணா காட்டும். லிமிட் அக்கவுன்ட்டுக்குத் தானே தவிர ஷீட்டுக்கு இல்ல, அதனால பார்க்க வேண்டியது இந்தப் பக்கம்.

முதல் ஷீட் ஒவ்வொரு தடவையும் 25 செகண்ட் சுமாருக்கு ஓடுது, மணிக்கு 12 தடவை, ஆக மணிக்கு 5 நிமிஷம். காப்பி ஷீட் 30 செகண்ட், மணிக்கு 6 தடவை, ஆக 3 நிமிஷம். ரெண்டும் சேர்த்து மணிக்கு 8 நிமிஷம். 90-ஐ 8-ஆல வகுத்தா 11 மணி நேரம் 15 நிமிஷம். அந்த அக்கவுன்ட்டுக்கு கோட்டா புதுசாகுறது காலைல 7 மணி வாக்குல (நடுராத்திரி 12-க்கு ஆகாது, முதல் ரிக்வெஸ்ட் போனதுல இருந்து 24 மணி நேரம் கணக்கு), அப்போ 7-லேர்ந்து எண்ணினா சாயங்காலம் ஆறேகால். புகார் எல்லாமே ஆறரைக்கு மேல "சரி" ஆனவங்க தான். பொருந்திடுச்சு.

இதே கணக்கை பின்னாடி தள்ளிப் பார்த்தா ஏன் இத்தனை நாள் தெரியலங்கறதும் புரியும். ஆரம்பத்துல முதல் ஷீட் மட்டும், 6 செகண்ட் ஓட்டம், ஒரு நாளைக்கு 288 தடவை, மொத்தம் 29 நிமிஷம் கூட வரல. வரி கூடக்கூட ஓட்டம் நீளமாச்சு, ரெண்டாவது ஷீட் வந்து சேர்ந்துச்சு. ரெண்டும் சேர்ந்து மணிக்கு 4 நிமிஷம் ஆனப்போ இருபத்திரண்டரை மணி நேரத்துல தீரும், அதாவது விடியக்காலம் அஞ்சரைக்கு நின்னு 7-க்கு திரும்ப ஓடும், அந்த நேரத்துல யார் பார்க்கப் போறாங்க. மணிக்கு 6 நிமிஷம் ஆனப்போ ராத்திரி 10 மணி. 8 ஆனப்போ தான் ஆட்கள் வேலை செய்யுற நேரத்துக்குள்ள வந்து நின்னுச்சு. ஸ்கிரிப்ட் திடீர்னு நின்னதா குழு சொன்னாலும், அது ரொம்ப காலமா தினமும் நின்னுட்டுத் தான் இருந்திருக்கணும், நிக்கிற நேரம் தான் கொஞ்சம் கொஞ்சமா பகலைப் பார்த்து நகர்ந்து வந்திருக்கு.

5 நிமிஷ ட்ரிகர் ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்குறவங்களுக்கு: 90 நிமிஷத்தை 288-ஆல வகுத்தா ஒரு ஓட்டத்துக்கு 18.75 செகண்ட் தான் கிடைக்கும். 1 நிமிஷ ட்ரிகர்னா நாளைக்கு 1440 ஓட்டம், ஒண்ணுக்கு 3.75 செகண்ட், ஷீட்டைத் திறந்து கொஞ்சம் படிச்சாலே அதுல பெரும்பகுதி போயிடும். வெளி ஏபிஐ பதிலுக்குக் காத்திருக்கறதும் `Utilities.sleep` போடறதும்கூட ஓட்ட நேரக் கணக்குல சேரும்.

## ஏன் எச்சரிக்கையே வரல

கண்டிப்பா சொல்லணும்னா எச்சரிக்கை வந்துச்சு, போன இடம் தான் தப்பு. ஃபெயிலியர் மெயில் ட்ரிகரை உருவாக்கின அக்கவுன்ட்டுக்குப் போகும். இங்க அது யாரும் படிக்காத பொது பெட்டி. ட்ரிகர் போடும்போது வர்ற விண்டோல அந்த அறிவிப்பு உடனேயா, மணிக்கொரு தடவையா, நாளைக்கொரு தடவையா, வாரத்துக்கொரு தடவையான்னு தேர்வு செய்யலாம், இவங்க நாளைக்கொரு தடவைல விட்டிருந்தாங்க, அந்த மெயில் கையில வர்றப்போ ட்ரிகர் மறுபடி ஓட ஆரம்பிச்சிருக்கும்.

இன்னொண்ணு, மெயிலுக்கு "இன்னும் எவ்வளவு பாக்கி"ன்னு கேக்க ஃபங்ஷன் இருக்குற மாதிரி ட்ரிகர் ஓட்ட நேரத்துக்கு ஒண்ணு கிடையாது. ஸ்கிரிப்டே "எனக்கு பத்து நிமிஷம் தான் பாக்கி"ன்னு தெரிஞ்சு சொல்ல வழியில்ல. லிமிட் தீர்ந்தப்புறம் அது ஓடுறதே இல்லைங்கறதால, `try...catch` போட்டு பிடிச்சு மெயில் அனுப்பலாம்ங்கறதும் நடக்காது, அந்த `catch` வரைக்கும் போக ஓட்டம் இருந்தா தானே.

## நடுவுல நடந்த ஒரு வேண்டாத வேலை

நாங்க கணக்கு போட்டுட்டு இருந்த நேரத்துல குழுவுல ஒருத்தர் தன் சொந்த அக்கவுன்ட்ல இருந்து முதல் ஷீட்டுக்கு ஒரு ட்ரிகர் போட்டுட்டார். யோசனை என்னவோ சரி தான், அவரோட 90 நிமிஷம் தனி, சாயங்காலம் மெயில் போக ஆரம்பிச்சிடுச்சு. ஆனா பொது அக்கவுன்ட்டோட பழைய ட்ரிகரும் அப்படியே இருக்கு. ஒருத்தர் போட்ட ட்ரிகர் இன்னொரு அக்கவுன்ட்டுக்குத் தெரியாது, அதனால அவர் பார்வைல லிஸ்ட் காலி, "பழசு ஏதும் இல்ல"ன்னு நினைச்சிட்டார். பகல்ல ரெண்டு ட்ரிகரும் ஒரே நேரத்துல ஓடினப்போ, "அனுப்பியாச்சு"ன்னு குறி விழறதுக்குள்ள ரெண்டுமே அதே வரியை எடுத்து, சில பேருக்கு ஒரே உறுதி மெயில் ரெண்டு தடவை போச்சு. அந்த ட்ரிகரை அவரையே அழிக்கச் சொன்னோம், வேற யாராலயும் அதை அழிக்க முடியாது.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

ஒர்க்ஸ்பேஸுக்கு மாறிடலாம்னு முதல் பேச்சு வந்துச்சு. 6 மணி நேரம் கிடைக்கும், நாலு மடங்கு. அதைத் தள்ளிப் போட்டோம், ஏன்னா ஓட்ட நேரம் வரி எண்ணிக்கையோட சேர்ந்து வளருது, வளர்றதை நிறுத்தாம இடத்தை மட்டும் பெருசு பண்ணினா இதே சாயங்காலப் பிரச்சனை கொஞ்ச காலம் கழிச்சு திரும்ப வரும்.

டைம் ட்ரிகரை விட்டுட்டு எடிட் ட்ரிகர் வெச்சா என்னன்னும் கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா இன்ஸ்டாலபிள் எடிட் ட்ரிகர் ஸ்டேட்டஸ் நெடுவரிசை மட்டும்னு இல்லாம ஷீட்ல எந்த செல்லைத் தொட்டாலும் ஓடும், அந்த ஓட்டமும் அதே 90 நிமிஷத்துல தான் சேரும். நாள் முழுக்க அஞ்சாறு பேர் டைப் பண்ற ஷீட் இது. வேண்டாம்னு விட்டோம்.

அதனால முதல்ல அந்த 25 செகண்ட் எங்க போகுதுன்னு பார்த்தோம். ஸ்கிரிப்ட் எல்லா வரியையும் மேலிருந்து கீழ வரைக்கும் சுத்துது, ஒவ்வொரு வரிலயும் ஸ்டேட்டஸை `getValue()` போட்டுப் படிக்குது, படிச்ச கையோட பக்கத்து நெடுவரிசைல "கடைசியா பார்த்த நேரம்"னு ஒண்ணை `setValue()` போட்டு எழுதுது. படி, எழுது, படி, எழுதுன்னு மாறி மாறிப் போனா ஆப்ஸ் ஸ்கிரிப்ட் மொத்தமா படிச்சு வெச்சுக்குற வசதி வீணாயிடும், ஒவ்வொரு தடவையும் ஷீட்டுக்குப் போய்ட்டு வரும். அந்த "கடைசியா பார்த்த நேரம்" நெடுவரிசையை யாராவது உபயோகிக்கிறாங்களான்னு கேட்டோம், ஒருத்தரும் இல்ல, டெஸ்ட் பண்ணப்போ போட்டது அப்படியே தங்கிடுச்சு போல. அந்த ஒரு வரியை எடுத்ததுமே ஓட்டம் 9 செகண்டுக்கு வந்துடுச்சு.

அடுத்து படிக்கறதை மொத்தமா ஒரே `getValues()` ஆக்கினோம், சுருக்க டேப்பை ஒரே `setValues()` ஆக்கினோம். மெயில் அனுப்பின குறியை மட்டும் வேணும்னே மொத்தமா எழுதல:

```javascript
const rows = sheet.getRange(2, 1, sheet.getLastRow() - 1, 8).getValues();
rows.forEach((r, i) => {
  if (r[5] !== 'சரி' || r[6] !== '') return;
  MailApp.sendEmail(r[1], subject, makeBody(r));
  sheet.getRange(i + 2, 7).setValue(new Date());
  SpreadsheetApp.flush();
});
```

கடைசில ஒரேயடியா குறி போட்டா இன்னும் வேகம் தான், ஆனா பாதில ஓட்டம் அறுந்தா மெயில் போயிருக்கும், குறி இருக்காது, அடுத்த ஓட்டத்துல எல்லாருக்கும் திரும்ப போகும். அனுப்ப வேண்டியது ஒரு ஓட்டத்துக்கு ஒண்ணோ ரெண்டோ தான், அதுக்கு ஒரு செகண்ட் கூட ஆனா பரவாயில்ல. இது வரைக்கும் செஞ்சதுல ஓட்டம் 4 செகண்ட் சுமாருக்கு வந்துச்சு. ரெட்டை மெயிலுக்காக ஆரம்பத்துல `LockService.getScriptLock()` எடுத்து `tryLock` கிடைக்கலைன்னா வெளிய வந்துடுற மாதிரி வெச்சோம், இந்த லாக் வேற வேற ஆள் போட்ட ட்ரிகருக்கு நடுவுலயும் செல்லும்.

இடைவெளியை ரெண்டு ஷீட்லயும் 15 நிமிஷம் ஆக்கினோம். 12 நிமிஷம்னு கேட்டார் ஒருத்தர், ஆனா நிமிஷ ட்ரிகர்ல 1, 5, 10, 15, 30 மட்டும் தான் வைக்க முடியும். உறுதி மெயில் 15 நிமிஷத்துல போனா போதாதான்னு கேட்டப்போ குழுவுல யாருக்கும் ஆட்சேபம் இல்ல, 5 நிமிஷம்ங்கறது யாரும் கேட்டு வெச்சதே இல்லையாம்.

கடைசியா காவல். இதுல தான் ரொம்ப நேரம் பேசினோம். முதல்ல வந்த யோசனை, அதே அக்கவுன்ட்ல இன்னொரு ட்ரிகர் போட்டு, முதல் ட்ரிகர் ஓடுதான்னு மணிக்கொரு தடவை பார்க்க வைக்கலாம்ங்கறது. 90 நிமிஷம் தீர்ந்தா காவல்காரனும் அதே நேரத்துல தூங்கிடுவான், அதனால அது பிரயோஜனம் இல்ல. சொல்லப் போனா மத்த நேரத்துல எல்லாம் ஒழுங்கா ஓடி "காவல் இருக்கு"ன்னு ஒரு பொய் நம்பிக்கையையும் கொடுக்கும்.

அதனால ரெண்டு அடுக்கா வெச்சோம். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஓட்டத்தோட முடிவுலயும் `Status` டேப்ல `B1`ல நேரத்தையும் `B2`ல எத்தனை செகண்ட் ஆச்சுன்னும் எழுதும், அனுப்ப எதுவும் இல்லாட்டியும் எழுதும். சுருக்க டேப்போட தலையில இந்த ஃபார்முலா:

```
=IF(NOW()-Status!B1>TIME(0,45,0),"பழைய எண் - ஸ்கிரிப்ட் ஓடல","சரி")
```

ஃபார்முலா ட்ரிகர் கோட்டாவைத் தொடாது, ஸ்கிரிப்ட் செத்தாலும் இது வேலை செய்யும். ஷீட் செட்டிங்ஸ்ல `Calculation` கீழ `Recalculation`ஐ `On change and every minute`க்கு மாத்தினா தான் யாரும் எதையும் தொடாம இருந்தாலும் `NOW()` நகரும். 45 நிமிஷம் எதுக்குன்னா, டைம் ட்ரிகர் சொன்ன நிமிஷத்துக்கு சரியா ஓடாது, கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், ரெண்டு ஓட்டம் தவறினா மட்டும் அந்த எச்சரிக்கை வரட்டும்னு.

ரெண்டாவது அடுக்கு, வேற ஒருத்தரோட அக்கவுன்ட்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட். மணிக்கொரு தடவை `B1`ஐ மட்டும் படிச்சு, பழசா இருந்தா மூணு பேருக்கு மெயில் போடும். ஒரு ஓட்டம் ரெண்டு செகண்ட், நாளைக்கு 24 ஓட்டம், அவரோட 90 நிமிஷத்துல ஒரு நிமிஷம்கூட ஆகல. பொது பெட்டிக்கு வர்ற ஃபெயிலியர் மெயிலையும் உடனே அனுப்புன்னு மாத்தி, அதே மூணு பேருக்கு ஃபார்வர்டும் போட்டோம்.

## அதுக்கப்புறம்

ரெண்டு ஷீட்டும் சேர்த்து நாளைக்கு 192 ஓட்டம், ஒண்ணுக்கு 4 செகண்ட், மொத்தம் 13 நிமிஷத்துக்கு கொஞ்சம் கீழ. சாயங்கால மெயில்கள் அதே சாயங்காலமே போக ஆரம்பிச்சது.

காவல் ஸ்கிரிப்ட் ஒரு தடவை நிஜமாவே மெயில் அனுப்புச்சு. பார்த்தா காரணம் லிமிட் இல்ல, யாரோ `Status` டேப்போட பேரை மாத்திட்டாங்க, ஸ்கிரிப்ட் எழுதுற இடத்தைக் கண்டுபிடிக்க முடியாம எரர் ஆச்சு. அந்த டேப்பை இப்போ ப்ரொடெக்ட் பண்ணி வெச்சிருக்கு. லிமிட்டுக்காக வெச்ச காவல் வேற கோளாறையும் பிடிச்சது நல்லது தான், ஏன்னா அது "ஏன் நின்னுச்சு"ன்னு கேக்கறதே இல்ல, "ஓடுச்சா இல்லையா"ன்னு மட்டும் தான் பார்க்குது.

## மறுபடி செஞ்சா எதை மாத்துவோம்

`B2`ல வர்ற செகண்டை இப்போ மேலேயே எழுதி அழிக்குது. அதை நாளுக்கொரு வரியா கூட்டி வெச்சிருக்கணும், அப்போ தான் மொத்தம் 13-லேர்ந்து 40-ஐ நோக்கி ஏறும்போதே தெரியும். அதைச் செய்யல, அடுத்து செய்யற லிஸ்ட்ல இருக்கு. அது வரைக்கும் மாசத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் `My Executions`ல போய் கண்ணால பார்க்குறார்.

பழைய வரிகளை இன்னும் ஆர்க்கைவ் டேப்புக்கு நகர்த்தல. முடிஞ்ச வகுப்போட வரி எல்லாம் ஒவ்வொரு ஓட்டத்துலயும் சும்மா படிக்கப்படுது, மொத்தமா படிக்கறதால இப்போ வலிக்கல, ஆனா பல்லாயிரம் வரி ஆனா வலிக்கும்.

ட்ரிகர் யார் பேர்ல இருக்குங்கறதை `Status` டேப்லயே எழுதி வெச்சாச்சு, அந்த ரெட்டை மெயில் கதைக்கு அப்புறம். மூணாவது பிரிவுக்கு ஷீட் காப்பி எடுக்கப் போறதா பேச்சு இருக்கு, அதுக்கு ட்ரிகர் போடறதுக்கு முன்னாடி நாள் மொத்தம் 45 நிமிஷத்தைத் தாண்டுமான்னு கணக்கு போட்டுட்டு, தாண்டினா அப்போ ஒர்க்ஸ்பேஸ் பேச்சை எடுக்கலாம்னு குழு ஒத்துக்கிட்டிருக்கு.